ஏழு பேர், நாலு பனிஸ்

தலவாக்கலை டவுனில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோகொப்பி, லெமினேட்டிங், டைப்செட்டிங். கல்யாணக் கார்டு, தேர்த் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், பெரிய பிள்ளையான சடங்குக்கு அழைப்பு, எதுவானாலும் ஆட்கள் என்னிடம் வந்து "நீங்களே நல்லதா நாலு வரி போட்டுடுங்க அண்ணே" என்பார்கள். போட்டுவிடுவேன். அகரப்பத்தனை, லிந்துல, வட்டகொட என்று இந்தத் திம்புள்ளப் பக்கத்தில் எத்தனையோ வீட்டுச் சுவரில் என் நாலு வரி தொங்குகிறது. ஆனால் என் சொந்தக் கூட்டாளிகள் ஆறு பேருக்கு நண்பர்கள் தின வாழ்த்து ஒன்று உருப்படியாக அனுப்ப என்னால் முடிந்ததில்லை.

இந்த நோய் இன்று வந்ததல்ல. 2001 டிசம்பரில் ஓ.எல். எழுதப் போகும் முன்னால் எல்லோரும் ஆட்டோகிராப் கொப்பி வாங்கினோம். ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு நிறம், ரோஜாப் படம் போட்ட அட்டை. ஆறு கொப்பியிலும் நான் ஒரே கவிதையைத்தான் எழுதினேன். கடல், அலை, கரை, மறவாதே என்ற மாதிரி நான்கு வரி. எழுதியவனும் கடலைக் கண்டதில்லை, வாசித்தவர்களும் கண்டதில்லை. எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் கொத்மலை ஓயாதான். கடைசி வரியில் பெயரை மட்டும் மாற்றிப் போட வேண்டும். ஒரு கொப்பியில் மாற்ற மறந்துவிட்டேன். அந்தக் கொப்பிக்காரி இப்போது கண்டியில் டீச்சர். இன்னொருத்தியின் பெயரோடு இருக்கும் அந்தப் பக்கத்தை இருபத்து நாலு வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறாள். வேண்டிய நேரத்தில் படம் பிடித்து குரூப்பில் போடுவாள்.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். ஒருவன் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடைக்குக் கணக்கு எழுதுகிறான். ஒருவன் வவுனியாவில். அவனுடைய மாமா குடும்பம் 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு அங்கே போனது. இவன் பின்னால் போய் அங்கேயே காணி வாங்கிவிட்டான். ஒருவன் டோஹாவில் ஹோட்டல் சமையலறையில் நிற்கிறான். ஒருத்தி கல்யாணம் கட்டி டொரொண்டோ போனாள். இன்னொருத்தி கூடலூர் சொந்தத்தில் கட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஏழாவது ஆள் நான், பிறந்த தோட்டத்தில் இருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில்.

கூடலூர் என்றதும் அப்பாவின் ஞாபகம் வருகிறது. அவருக்கும் ஒரு கூட்டாளி இருந்தார். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இங்கே என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பத்து வருடம் கழித்து இன்னொரு ஒப்பந்தத்தில் பாதிப் பாதியாக்கினார்கள். அந்தக் கணக்கில் அப்பா இந்தப் பக்கம் விழுந்தார், கூட்டாளி அந்தப் பக்கம். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ரயிலை எங்கள் சனம் ஒப்பாரிக் கோச்சி என்றது. அதில் ஏறிப்போய், கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, கடைசியில் தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயும் கொழுந்துதான், அங்கேயும் மழைதான்.

இரண்டு பேருக்கும் இடையில் நீல ஏரோகிராம் போய் வந்தது. ஒரே தாளை மூன்றாக மடித்து ஒட்டினால் அதுவே உறையும் ஆகிவிடும். உள்ளே வேறு எதையும் வைக்க முடியாது. இடம் போதாமல் அப்பா ஓரத்தில் தாளைத் திருப்பி வைத்து எழுதுவார். லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது என்பதால் பதில் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கே இரண்டு நாள் கிடந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கைக்கு வரும். அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. அவர் இஸ்தோப்பில் குந்திக்கொண்டு சொல்லுவார்: "மேமலையில கவ்வாத்து முடிஞ்சிருச்சுன்னு எழுது. பீலியில தண்ணி நூல் மாதிரி வருதுன்னு எழுது. நம்ம கறுப்பி கன்னு போட்டுச்சு, காளைக்கன்னுன்னு எழுது." எனக்கு அது கடிதமாகவே படவில்லை. தமிழில் பரிசு வாங்கிய பையன் அல்லவா? மலையன்னை பச்சைப் பட்டுடுத்தி நிற்கிறாள், தங்கள் நட்பெனும் நறுமலர் வாடாதிருக்க இறைவனை இறைஞ்சுகிறோம் என்று எழுதி, அவர் சொன்னதாகவே வாசித்தும் காட்டினேன். நான் வாசிப்பதைக் கேட்டு அவர் சந்தேகத்தோடு தலையாட்டினார்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "உன் மகன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு. ஆனா லயத்துக் கோடியில நின்ன பேரிக்கா மரம் இருக்கா, வெட்டிட்டாங்களான்னு போன கடுதாசியிலயே கேட்டிருந்தேன். அதை எழுதலையே."

அப்பா சொல்லத்தான் செய்தார். மரத்தை நான்தான் விட்டுவிட்டேன். நறுமலருக்கு இடம் போதவில்லை.

இந்த லட்சணத்தில் இருந்தவன் கையில் வாட்ஸ்அப் வந்தது. 2020 ஓகஸ்ட் முதல் ஞாயிறு, முழுச் சோம்பலில் ஒரு படத்தை ஃபார்வர்ட் செய்தேன். இரண்டு வெள்ளைக்காரக் குழந்தைகள் குடைக்குள், மேலே தங்க எழுத்தில் வாழ்த்து. அனுப்பிய பிறகுதான் தலைக்கு மேல் இரட்டை அம்புக்குறியோடு "Forwarded many times" என்று இருப்பதைக் கண்டேன். ஒரு செய்தி ஐந்து கையாவது மாறி வந்தால் அந்த முத்திரை தானாகக் குத்தப்படும். சந்தைக்கு வந்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது மாதிரி, எத்தனை நாள் மீன் என்று பார்த்தவுடன் தெரியும். கண்டிக்காரி ஒரு வரிதான் போட்டாள்: "இது நேத்து நான் எங்க ஸ்டாஃப் குரூப்புக்குப் போட்ட படம். உலகம் சுத்தி வந்திருச்சு." கூடவே ஆட்டோகிராப் பக்கத்தின் படமும்.

சரி, சொந்தமாகவே எழுதுவோம் என்று 2022இல் இறங்கினேன். கடைக் கணினியில் ஒரு மணி நேரம் செலவழித்து அழகான பத்தி ஒன்று அடித்து, அப்படியே கொப்பி பண்ணி வாட்ஸ்அப் வெப்பில் ஒட்டி, வாசித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து போனைப் பார்த்தால் முதல் வரி இப்படி நின்றது:

```
,dpa ez;gHfs; jpd tho;j;Jf;fs;
```

அதற்குக் கீழே இன்னும் பதினொரு வரி, அதே மொழியில்.

இலங்கையில் அச்சுவேலை செய்கிறவர்களுக்கு இது என்னவென்று உடனே விளங்கும். நாங்கள் அடிப்பது பாமினி எழுத்துருவில். அது தமிழைத் தமிழாக வைத்திருப்பதில்லை. கணினிக்குள் கிடப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியும்தான். அவற்றின் மேல் தமிழ் எழுத்தின் படத்தைப் போர்த்தி வைத்திருக்கிறது. காற்புள்ளியைத் தட்டினால் இ தெரியும், f தட்டினால் க, அதற்குப் பக்கத்தில் அரைப்புள்ளி வைத்தால் அந்தக் க மேல் புள்ளி விழும். என் கடையில் பாமினி இருப்பதால் எனக்குத் தமிழாகத் தெரிகிறது. வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது போர்வை கடையிலேயே தங்கிவிடும், உள்ளே கிடந்தது மட்டும் போய்ச் சேரும். யூனிகோடில் அப்படி இல்லை, தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் அவற்றுக்கென்றே எண்கள் இருக்கின்றன. எந்தப் போனில் திறந்தாலும் க, க-தான். மாற்றித்தரும் கன்வேர்ட்டர் இருக்கிறது, ஒரு நிமிட வேலை. வாடிக்கையாளர்களுக்கு இதை வாரத்துக்கு இரண்டு தடவை பாடம் எடுக்கிற ஆள் நான்.

"டேய், போனை யாரும் களவெடுத்துட்டானா?" என்றான் வவுனியாக்காரன். டொரொண்டோக்காரி "வைஃபை பாஸ்வேர்ட் அனுப்பினதுக்கு நன்றி" என்றாள். கொட்டாஞ்சேனைக்காரனுக்கு மட்டும் அது பாமினி என்று தெரிந்திருக்கிறது. பாவி, கன்வேர்ட்டரில் போட்டு வாசித்துவிட்டு, "விளங்காம இருந்தப்பவே நல்லா இருந்துச்சு மச்சான்" என்று எழுதினான். கோபம் வந்தது. அன்றிரவு அந்தப் பத்தியைத் திரும்ப வாசித்தபோது கோபம் போய்விட்டது. அதில் நறுமலர் இருந்தது.

அடுத்த வருடம் நடந்ததுதான் உண்மையில் சொல்ல வெட்கமானது. குரூப்பில் போட்டால்தானே ஆளாளுக்கு நக்கல் அடிக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனால் மரியாதையாக இருக்கும் என்று ஒரு யோசனை. ஆறு தடவை எழுதவும் சோம்பல். பிராட்காஸ்ட் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு தடவை அனுப்பினால் போதும், வாங்குகிறவருக்குத் தனக்கு மட்டும் வந்தது போலத் தெரியும். என் ஆட்டோகிராப் காலத்தில் இது இருந்திருந்தால் எவ்வளவு சுகம்! அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து செய்தியை அழுத்திப் பிடித்து விவரத்தைப் பார்த்தேன். "Read by" என்பதன் கீழே மூன்று பெயர், "Delivered to" என்பதன் கீழே ஒன்று. டோஹாவையும் கோயம்புத்தூரையும் எங்குமே காணவில்லை.

விசாரித்தபோது காரணம் கிடைத்தது. பிராட்காஸ்டில் அனுப்புவது, உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். சேமிக்காதவருக்குப் போகவே போகாது, போகவில்லை என்று உங்களுக்கு அறிவிப்பும் வராது. ஆக இரண்டு பேர் போனில் நான் இல்லை! மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மனுசியிடம் "ஒண்ணா மண்ணா கிடந்து வளந்தவங்க" என்று புலம்பினேன். "நம்பர் மாத்தினதைச் சொன்னீங்களா?" என்று அவள் கேட்டாள்.

2021இல் போன் தண்ணீரில் விழுந்து புது சிம் எடுத்தேன். பழைய நம்பரில் இருந்து புதியதற்கு மாறும்போது ஆட்களுக்குத் தெரிவித்துவிடும் வசதி வாட்ஸ்அப்பிலேயே உண்டு. நான் அதைப் பாவிக்காமல் புதுக் கணக்குத் தொடங்கி, குரூப்பில் திரும்பச் சேர்ந்து, ஒரு நாள் ஸ்டேட்டஸ் போட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். படத்துக்குப் பிள்ளையார், பெயருக்கு ஒரே ஒரு புள்ளி. பிராட்காஸ்ட் அனுப்பிய வருடம் நவம்பரில் கோயம்புத்தூர்க்காரி குரூப்பில் கேட்டாள்: "நம்ம குரூப்ல ஒரு தெரியாத நம்பர் ரெண்டு வருசமா நிக்குது. பிள்ளையார் படம். யாருன்னு தெரியல, தூக்கிடவா?"

நான்தான் என்று சொல்வதற்குள் வவுனியாக்காரன் "தூக்கு, தூக்கு" என்று எழுதிவிட்டான். அவனுக்கு நான் யார் என்று நன்றாகத் தெரியும்.

2024ஐ வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஐக்கிய நாடுகள் சபை 2011இல் ஜூலை 30ஐத்தான் சர்வதேச நட்புத் தினமாக அறிவித்திருக்கிறது. ஓகஸ்ட் முதல் ஞாயிறு நம் பக்கத்து வழக்கம். எங்கோ இதை வாசித்து, விசயம் தெரிந்த ஆளாகக் காட்டிக்கொள்ள 30ஆம் திகதி வாழ்த்துப் போட்டேன். "இன்னைக்கா?" என்று டோஹாவில் இருந்து ஒரு சொல் வந்தது. ஞாயிறன்று மற்ற ஆறு பேரும் வாழ்த்திக்கொண்டார்கள். நான் ஏற்கனவே போட்டுவிட்டேன் என்று ரோஷத்தோடு சும்மா இருந்தேன்.

போன ஓகஸ்டில்தான் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். மூன்றாம் திகதி ஞாயிறு. கடை பூட்டு, காலையில் இருந்தே மழை, கிரேட் வெஸ்டர்ன் மலை இருக்கிற திசையே தெரியவில்லை. அலுமாரி துப்புரவு செய்யும்போது கூடலூரில் இருந்து வந்த ஏரோகிராம் கட்டு கிடைத்தது. ஒவ்வொன்றிலும் அந்த மனிதர் ஏதாவது ஒன்றைக் கேட்டிருந்தார். பேரிக்காய் மரம், கறுப்பியின் கன்று, இன்னார் மகளுக்குக் கல்யாணம் முடிந்ததா. வாழ்த்து என்று ஒரு வரியும் இல்லை. கேள்வி இருந்ததால் அப்பா பதில் எழுதினார், பதிலில் அவர் ஒன்று கேட்க, அடுத்த தாள் வந்தது. அப்படித்தான் கட்டு இந்தத் தடிப்புக்கு வந்திருக்கிறது. என் பத்திகள் எதற்கும் ஒருவராலும் பதில் எழுத முடியாது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டத்தான் முடியும்.

உட்கார்ந்து எழுதினேன். முதலில் வந்தது வழக்கம்போல "காலம் எனும் நதியில்." அழித்தேன். "எங்கிருந்தாலும்" என்று தொடங்கி அதையும் அழித்தேன். பிறகு, ஒரு நாளை எடுத்துக்கொள்வோம், அதில் ஒரு சாமானைப் பிடித்துக்கொள்வோம், கடைசியில் ஒரு கேள்வி கேட்போம் என்று முடிவு செய்தேன். நேரத்தையும் கணக்குப் பார்த்தேன். காலையில் போட்டால் டொரொண்டோவில் இன்னும் சனிக்கிழமை இரவு. டோஹாவில் ஞாயிறு வேலை நாள், வெள்ளியும் சனியும்தான் லீவு. இங்கே மாலை ஆறரை என்றால் டோஹாவில் நான்கு மணி, மத்தியான வேலை முடிந்து இரவுச் சமையல் தொடங்கும் முன் கிடைக்கிற இடைவெளி. டொரொண்டோவில் காலை ஒன்பது. ஆறரைக்கு அனுப்பினேன். போனிலேயே அடித்தேன், பாமினி இல்லை.

"ஓ.எல். கடைசிப் பேப்பர் முடிஞ்ச அன்னைக்கு ஏழு பேரும் ரோட்டால நடந்து சென்கிளேயர் பாக்கப் போனோமே. சாரல்ல சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. கையில இருந்த காசுக்கு அஞ்சு மாலு பனிஸ். அதை ஏழு பேருக்கும் பிச்சுக் குடுத்தது யாரு?"

அவ்வளவுதான். நறுமலர் இல்லை.

இரண்டு நிமிடத்தில் வவுனியா வந்தது: "அஞ்சில்ல, நாலு. காசு குடுத்தது நான்." கண்டி: "பிச்சது நான். கையில மை, பனிஸெல்லாம் நீலம்." டோஹா: "என் செருப்பு ஒண்ணு கான்ல போனதே, அதை யாரும் பேசமாட்டீங்க." கொட்டாஞ்சேனையில் இருந்து நாலு நிமிடக் குரல் பதிவு, பாதி லொறிச் சத்தம், மீதிச் சிரிப்பு. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக போன் சூடாகிக் கையில் சுட்டது. கையைக் கட்டிக்கொண்டு பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

அப்போது வவுனியாக்காரன் மெதுவாக ஒன்று கேட்டான். "சாரல்ல சட்டை நனைஞ்சுச்சா? ரோட்டுல நின்னு பாத்தா சென்கிளேயர் பள்ளத்துக்கு அந்தப் பக்கமில்ல இருக்கு. சாரல் எப்பிடிடா வரும்?"

நியாயமான கேள்வி. நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது பஸ்ஸில் அந்த வழியாகத்தான் ஹட்டன் போகிறேன். மேல் கொத்மலை அணை 2012இல் வேலை செய்யத் தொடங்கிய பிறகு அருவியில் விழுவது அணையில் இருந்து விடுகிற தண்ணீர்தான். அதற்கு முன்னால் நிறைய விழுந்த காலத்திலும் ரோட்டில் நிற்கிறவன் மேல் சாரல் அடித்ததாக யாரும் சொன்னதில்லை. அன்று மழை பெய்திருக்கும் என்றேன். "மழையே இல்ல. நல்ல வெயில்" என்றாள் கண்டிக்காரி.

கோயம்புத்தூர் அதுவரை பேசவில்லை. இப்போது ஒரு வரி வந்தது: "ஏழு பேரா? ஆறு பேர்தானே போனோம்."

டொரொண்டோக்காரி அல்பத்தில் இருந்த படத்தைப் படம் பிடித்துப் போட்டாள். தூரத்தில் அருவி, முன்னால் வெள்ளைச் சீருடையில் ஆறு பேர், டோஹாக்காரன் ஒற்றைச் செருப்போடு. விரித்து விரித்துப் பார்த்தேன். நான் இல்லை.

"நான்தானே படம் எடுத்தது" என்று எழுதினேன். அந்த நேரத்தில் அதை நான் நம்பவும் செய்தேன்.

"நம்மகிட்ட ஏது கேமரா? அது ஸ்டூடியோ அண்ணன் எடுத்தது. காசு சேத்துக் குடுத்தோமே."

கண்டிக்காரிதான் ஞாபகப்படுத்தினாள். பேப்பர் முடிந்ததும் நான் போஸ்ட் ஆபீசுக்கு ஓடிவிட்டேனாம். அப்பாவின் ஏரோகிராம் அன்றே போடவேண்டும், இல்லாவிட்டால் தொலைத்துவிடுவார் என்று சொன்னேனாம். அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். பேரிக்காய் மரத்தை விழுங்கிய கடிதமும் அந்த டிசம்பரில்தான் போனது. இருபத்து நாலு வருடமாக இவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, நானும் கூடவே நடந்து, சாரல் வரைக்கும் நனைந்திருக்கிறேன். ஆட்டோகிராப்பில் பேரை மாற்ற மறந்தவன், போகாத பயணத்தில் தன் பேரைச் சேர்த்துக்கொண்டான்.

"ஏழு பேரும்" என்பதைத் திருத்தலாம் என்று செய்தியை அழுத்திப் பிடித்தேன். அனுப்பிப் பதினைந்து நிமிடத்துக்குள் என்றால்தான் திருத்த விடும். நாற்பது நிமிடம் தாண்டியிருந்தது. அழித்துவிடலாம், ஆனால் அத்தனை பதிலும் அதற்குக் கீழேதான் தொங்குகிறது.

"ஆனா பனிஸ் ருசி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று எழுதினேன். அதையும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"இருக்கும்டா" என்றாள் கண்டிக்காரி. "உனக்குன்னு அரைப் பனிஸ் கொப்பித் தாள்ல சுத்திக் கொண்டு வந்தேன். போஸ்ட் ஆபீஸ் படிக்கட்டுல நின்னு தின்னியே."

டோஹாவில் "typing" என்று காட்டியது, நின்றது, மறுபடியும் காட்டியது. அங்கே இரவுச் சமையலுக்கு நேரமாகியிருக்கும்.

"அரை இல்ல. கால். வர்ற வழியில மீதிய நான் தின்னுட்டேன். இதை யாருகிட்டயும் சொன்னதில்ல."